29-உம் 13-உம்: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் நான்கு உணவுகளின் கணக்கு

காலையில் ஓட்ஸ் தவிட்டுக் கஞ்சி, சோயா பால், சில ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள், கொஞ்சம் இசப்கோல். கூடவே ஓட்ஸ் தவிடு சேர்த்த ரொட்டியில் தடவிய ஒரு தனி வகை மார்கரின். மதியம் கறுப்பு பீன்ஸ் சூப்பும் சோயாத் துண்டுகள் வைத்த சாண்ட்விச்சும். இரவில் டோஃபுவோடு கத்திரிக்காய், வெங்காயம், குடைமிளகாய் சேர்த்துச் செய்த ஒரு பதார்த்தம், சோற்றுக்குப் பதிலாக வேகவைத்த பார்லி. நடுநடுவே பாதாம்.

கனடாவின் டொராண்டோ நகரில் 16 பேர் ஒரு மாதம் இப்படித்தான் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம். சராசரி வயது அறுபதை நெருங்கியது. இன்னொரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த சாதாரண ஆரோக்கிய உணவு மட்டும். மூன்றாவது குழுவுக்கு அதே ஆரோக்கிய உணவோடு லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரை, தினம் 20 மில்லிகிராம். மாதக் கடைசியில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்று நாம் சொல்லும் எல்டிஎல்லை அளந்தார்கள். வெறும் ஆரோக்கிய உணவுக்காரர்களுக்கு 8 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 30.9 சதவீதம். மாத்திரையே இல்லாமல் கஞ்சியும் கத்திரிக்காயும் பாதாமும் சாப்பிட்டவர்களுக்கு 28.6 சதவீதம்.

2003-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இந்த முடிவு வெளிவந்தது. ஆய்வை நடத்தியவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ். சர்க்கரை நோயாளிகள் இன்று பேசும் ‘கிளைசீமிக் இண்டெக்ஸ்’ என்ற அளவீட்டை 1981-இல் உலகுக்குத் தந்த குழுவின் தலைவரும் இவர்தான். மாத்திரையும் சாப்பாடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்ற அந்த முடிவு பெரிய செய்தியானது.

ஆனால் இந்த உணவுமுறைக்கு இன்னொரு எண்ணும் உண்டு. அது 13. முதல் எண் எப்படி வந்தது, இரண்டாவது எண் ஏன் பாதிக்கும் கீழே போனது என்று புரிந்துகொண்டால், இந்த உணவிலிருந்து நம் தட்டுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

ஒரே பங்கில் பணம் போடாதே

இந்த உணவுமுறையின் பெயர் ‘போர்ட்ஃபோலியோ டயட்’. பெயர் பங்குச் சந்தையிலிருந்து வந்தது. இருக்கும் பணத்தை ஒரே நிறுவனத்தில் போடாமல் பலவற்றில் பிரித்துப் போட்டு வைத்திருக்கும் தொகுப்புக்குத்தான் அங்கே போர்ட்ஃபோலியோ என்று பெயர். ஜென்கின்ஸ் பிரித்துப் போட்டது நான்கு இடங்களில்: தாவர ஸ்டெரால், கரையும் நார்ச்சத்து, சோயாப் புரதம், கொட்டைப் பருப்பு.

இந்த நான்கில் எதுவும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஒவ்வொன்றும் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை ஏற்கெனவே அனுமதி கொடுத்துவந்தது. ஓட்ஸுக்கு 1997, இசப்கோலுக்கு 1998, சோயாவுக்கு 1999, தாவர ஸ்டெராலுக்கு 2000, கொட்டைகளுக்கு 2003. பிரச்சினை என்னவென்றால், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சில்லறைதான். ஒன்று 4 சதவீதம் குறைக்கும், இன்னொன்று 7, கூடினால் 10. மாத்திரை எழுதப் பேனாவை எடுத்த மருத்துவரின் கையைத் தடுக்க இது போதாது. நான்கு சில்லறையையும் ஒரே நாளில், ஒரே தட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஜென்கின்ஸ் கேட்ட கேள்வி.

2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அந்த முதல் ஆய்வின் நாளளவு இது: தாவர ஸ்டெரால் 2 கிராம், கரையும் நார்ச்சத்து சுமார் 20 கிராம், சோயாப் புரதம் சுமார் 43 கிராம், பாதாம் 28 கிராம். பின்னாளில் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பாதாம்தான் என்றில்லை, வேர்க்கடலை உட்பட எந்தக் கொட்டையும் சேர்ந்து 45 கிராம். சோயா மட்டுமே என்றில்லை, பருப்பு பயறு வகைகளும் சேர்த்து 50 கிராம் தாவரப் புரதம். ஸ்டெராலும் நார்ச்சத்தும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஸ்டெரால்

நான்கும் ஒரே வேலையைச் செய்தால், நான்கையும் சேர்ப்பதில் லாபமில்லை. வெவ்வேறு இடங்களில் கைவைப்பதால்தான் இவற்றின் பலன் கூடுகிறது.

குடலுக்குள் கொலஸ்ட்ரால் தானாக உடம்புக்குள் போய்விடாது. அது எண்ணெய்ப் பொருள், தண்ணீரில் கரையாது. பித்தநீர் உருவாக்கும் மிகச் சிறிய துளிகளில் ஏறிக்கொண்டுதான் குடல் சுவரை எட்ட முடியும். அந்தத் துளிகளைப் பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், இருக்கைகள் கொஞ்சம்தான். தாவர ஸ்டெரால் என்பது தாவரங்களின் கொலஸ்ட்ரால். உருவத்தில் நம் கொலஸ்ட்ராலுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். அது முந்திக்கொண்டு துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. கொலஸ்ட்ரால் ஏற முடியாமல் நின்று, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இடம் பிடித்த ஸ்டெராலும் ஊருக்குள் போவதில்லை. குடல் செல்கள் அதில் பெரும்பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். தினம் 2 கிராம் ஸ்டெரால் எல்டிஎல்லை 8 முதல் 10 சதவீதம் வரை குறைப்பது இப்படித்தான். இடம் பிடிக்கும் வேலை என்பதால் பேருந்து வரும் நேரத்தில் அது அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஸ்டெராலைச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும்.

கரையும் நார்ச்சத்து வேலை செய்வது பித்தநீரிடம். இசப்கோலைத் தண்ணீரில் போட்டால் கூழாகிறதே, ஓட்ஸ் கஞ்சி ஆறினால் பிசுபிசுக்கிறதே, அந்தப் பிசுபிசுப்புதான் கரையும் நார்ச்சத்து. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் செய்து குடலுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் அதில் கிட்டத்தட்ட 95 சதவீதத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். மிகச் சிக்கனமான வீடு. நார்ச்சத்தின் கூழில் பித்த அமிலம் மாட்டிக்கொண்டால் இந்தச் சிக்கனம் உடைகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரலுக்குப் புதிய கொலஸ்ட்ரால் வேண்டும். அதற்காக ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைத் தன் மேற்பரப்பில் அதிகமாக வளர்த்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் மாத்திரையும் கடைசியில் இதே கொக்கிகளைத்தான் அதிகமாக்குகிறது. அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் பட்டறையை முடக்கி அதைச் சாதிக்கிறது. நார்ச்சத்து சரக்கைக் களவாடிச் சாதிக்கிறது.

கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. குடல் வழியே வரவு குறைந்தால் தானே கொஞ்சம் கூடுதலாகத் தயாரித்துக்கொள்ளும். ஒரே ஒரு உணவை எவ்வளவு அதிகம் சாப்பிட்டாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பலன் ஏறாமல் நிற்க இது ஒரு காரணம். ஸ்டெராலை 2 கிராமிலிருந்து 4 கிராமாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. அதைவிட இன்னொரு வாசலில் போய் நிற்பதே லாபம்.

சோயாவின் கதை கொஞ்சம் அடக்கமானது. சோயாப் புரதத்துக்கென்று உள்ள நேரடிப் பலன் 3, 4 சதவீதம்தான். அமெரிக்க உணவு மருந்துத் துறையே தான் 1999-இல் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாமா என்று 2017-இல் யோசித்து அறிவிப்பு வெளியிட்டது. சோயாவின் பெரிய உதவி வேறு. அது தட்டில் வந்தால் ஆட்டுக்கறியும் பாலாடைக்கட்டியும் இடம்விட வேண்டியிருக்கிறது. அவற்றோடு வரும் உறைகொழுப்பும் போய்விடுகிறது. கொட்டைகளும் பாதி இப்படித்தான். நல்ல வகைக் கொழுப்பு, கொஞ்சம் நார், கொஞ்சம் ஸ்டெரால் எல்லாம் அவற்றிலேயே உண்டு. நாளுக்கு ஒரு கைப்பிடி சுமார் 5 சதவீதம் குறைக்கும்.

170 எப்படி 120 ஆகிறது

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய எல்டிஎல் 170 என்று வைத்துக்கொள்வோம். நெய், வெண்ணெய், கொழுப்புள்ள கறி ஆகியவற்றைக் குறைத்ததில் முதலில் 8 சதவீதம் இறங்குகிறது. 170 இப்போது சுமார் 156. அடுத்து ஸ்டெரால் 9 சதவீதம் குறைக்கிறது. இந்த 9 பழைய 170-இல் கணக்கிடப்படுவதில்லை, மீதமிருக்கும் 156-இல்தான். ஆக 142. நார்ச்சத்து 7 சதவீதம் குறைத்தால் 132. கொட்டை 5 சதவீதம் குறைத்தால் 126. சோயா 5 சதவீதம் குறைத்தால் 119 அல்லது 120.

எட்டு, ஒன்பது, ஏழு, ஐந்து, ஐந்து என்று வெறுமனே கூட்டினால் 34 வரும். உண்மையில் இறங்கியது 30 சதவீதம். துணிக்கடையில் 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10 சதவீதத் தள்ளுபடி என்றால் மொத்தம் 30 ஆகாமல் 28 ஆகிறதே, அதே கணக்கு. இங்கே ஒவ்வொரு சதவீதமும் நான் எடுத்துக்கொண்ட நடுவாந்தர மதிப்புதான். ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கணக்கு வந்து நின்ற இடம் டொராண்டோ ஆய்வின் 28.6-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஐந்து சிறிய தள்ளுபடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததன் விளைவு.

ஜென்கின்ஸ் குழு 2005-இல் இதை வேறு விதமாகவும் சோதித்தது. 34 பேர், ஒவ்வொருவரும் மூன்று முறைகளையும் ஒவ்வொரு மாதம் பின்பற்றினார்கள். அப்போது போர்ட்ஃபோலியோ உணவில் 29.6 சதவீதமும், மாத்திரையில் 33.3 சதவீதமும் குறைந்தன. 9 பேருக்கு மாத்திரையைவிட உணவில்தான் எல்டிஎல் அதிகமாக இறங்கியது. நான்கில் ஒருவர் என்று சொல்லலாம்.

சமையல்காரர் இல்லாத வீட்டில்

இந்த இரண்டு ஆய்விலும் உணவு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எடை போட்டு, கணக்குப் பார்த்து, பொட்டலமாகக் கொடுத்தார்கள். சாப்பிடுபவரின் வேலை சாப்பிடுவது மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் கதை மாறும்.

மாறியது. 2006-இல் வெளியான அடுத்த ஆய்வில் 66 பேருக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடையில் வாங்குவது, சமைப்பது எல்லாம் அவர்கள் பாடு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் எல்டிஎல் குறைந்தது சராசரியாக 12.8 சதவீதம். 2011-இல் கியூபெக், டொராண்டோ, வினிபெக், வான்கூவர் ஆகிய நான்கு ஊர்களில் 351 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த பெரிய ஆய்விலும் அதே பக்கத்தில்தான் நின்றது: 13 சதவீதம் சொச்சம். சாதாரணக் கொழுப்புக் குறைப்பு உணவுக்காரர்களுக்கு அதே காலத்தில் குறைந்தது வெறும் 3.

அந்த 2011 ஆய்வில் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. ஒரு பிரிவினரை ஆறு மாதத்தில் ஏழு முறை அழைத்து ஆலோசனை சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை இரண்டே முறை. ஏழு முறை வந்தவர்களுக்கு 13.8 சதவீதம், இரண்டு முறை வந்தவர்களுக்கு 13.1 சதவீதம். அடிக்கடி அழைத்து அறிவுரை சொன்னதால் பெரிதாக எதுவும் கூடவில்லை. சொன்ன அளவில் ஏறத்தாழ 40-லிருந்து 46 சதவீதம் வரைதான் இரு பிரிவினரும் சாப்பிட்டார்கள்.

நம் 170 கணக்கிலேயே இதைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு உணவையும் பாதியளவே சாப்பிட்டால், ஒவ்வொரு தள்ளுபடியும் பாதியாகும். அப்போது 170 இறங்கி நிற்பது 143-இல். குறைவு 16 சதவீதம். பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு 13 வந்ததில் வியப்பில்லை. உணவின் பலம் குறையவில்லை. சாப்பிட்ட அளவுதான் குறைந்தது.

எதில் சறுக்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2006 ஆய்வில் பாதாமை 79 சதவீத அளவுக்குச் சாப்பிட்டார்கள். ஸ்டெரால் மார்கரின் 67 சதவீதம். நார்ச்சத்து 55. சோயா 51. பையில் போட்டுக்கொண்டு போய்க் கொறிக்கக்கூடியது முதலிடத்தில் நிற்கிறது. அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டியது கடைசியில். இத்தனை சறுக்கலுக்கு நடுவிலும் அந்த 66 பேரில் 21 பேருக்கு எல்டிஎல் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. சராசரி 13 என்பது எல்லாருக்கும் 13 என்று பொருளல்ல. மூன்றில் ஒருவர் மாத்திரையின் பக்கத்திலேயே போய் நின்றார்.

நம் அடுப்பங்கரையில் எவ்வளவு இருக்கிறது

டொராண்டோ ஆய்வாளர்கள் பிசுபிசுப்பு நார்ச்சத்துக்காக ஓட்ஸ், பார்லி, இசப்கோலோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்த காய்கள் இரண்டு: கத்திரிக்காயும் வெண்டைக்காயும். நாம் வெண்டைக்காயின் கொழகொழப்பு போக வேண்டுமென்று புளித்தண்ணீர் விட்டு, மோர் தெளித்து, வெயிலில் வாட்டி என்னென்னவோ செய்கிறோம். அவர்கள் அந்தக் கொழகொழப்புக்காகவே அதை வாங்கினார்கள். அவர்கள் கஞ்சியில் போட்ட இசப்கோல் உலகச் சந்தைக்குப் பெருமளவில் போவது நம் குஜராத்திலிருந்துதான்.

ஆனாலும் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். நூறு கிராம் வெண்டைக்காயில் கரையும் நார் ஏறத்தாழ ஒரு கிராம்தான். இருபது கிராமுக்கு இரண்டு கிலோ வெண்டைக்காய் யாரும் சாப்பிட மாட்டார்கள். இசப்கோல்தான் இங்கே சுமை தூக்கி. இரண்டு வேளையாகப் பிரித்து நாளுக்கு 10 கிராம் எடுத்தால் 7 கிராம் கரையும் நார் கிடைத்துவிடும். அந்த அளவுக்கு மட்டுமே எல்டிஎல் 7 சதவீதம் அளவில் குறைவதாக ஆய்வுகள் உண்டு. 75 கிராம் ஓட்ஸில் இன்னும் 3 கிராம். இருபதில் பாதி இவற்றிலேயே வந்துவிட்டது. மீதியில் முடிந்ததைப் பார்லி, கொண்டைக்கடலை, ராஜ்மா, கத்திரி, வெண்டை, கொய்யா, ஆரஞ்சு என்று பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் மிகக் கடினமான தூண் இதுதான். நாம் நம்பியிருக்கும் வெள்ளை அரிசியில் கரையும் நார் இல்லாததுபோலத்தான்.

புரதத்தில் நிலைமை மேல். மளிகைக் கடையில் ‘மீல் மேக்கர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது எண்ணெய் எடுத்த சோயா மாவு. பாதி எடை புரதம். உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்துக் குழம்பு வைத்தால் சுமார் 26 கிராம் புரதம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம். சாம்பாரில் விழும் ஒரு பிடி துவரம்பருப்பில் 5, 6 கிராம். மூன்றும் சேர்ந்தால் ஐம்பதுக்கு அருகில் போய்விடும். ஒரு திருத்தம் மட்டும்: முதல் ஆய்வின் 28.6 வந்தது சோயாவை வைத்து. பருப்பு பயறுகள் பிற்காலத் தளர்வில் வந்தவை.

கொட்டை 45 கிராம் என்பது முப்பத்தைந்து பாதாம் அளவு. பாதாமின் விலை கண்ணில் பட்டால் வேர்க்கடலைக்கு மாறிக்கொள்ளலாம். கணக்கில் அதுவும் சேர்த்திதான். உப்பும் எண்ணெயும் இல்லாமல் வறுத்ததோ, அவித்ததோ இருக்கட்டும். இங்கே ஒரு பொறி உண்டு. 45 கிராம் கொட்டையில் 260, 270 கலோரி இருக்கிறது. மாலைக் காபியோடு வரும் முறுக்கையும் பஜ்ஜியையும் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கொட்டை வர வேண்டும். அதற்கு மேல் கொட்டையையும் சாப்பிட்டால் எடை ஏறும். ஆய்வில் இருந்தவர்கள் எடை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஸ்டெரால். இங்கேதான் நம் அடுப்பங்கரை கைவிரிக்கிறது. எண்ணெய், எள், பருப்பு, கொட்டை என்று எவ்வளவு நல்ல தாவர உணவு சாப்பிட்டாலும் நாளுக்குச் சில நூறு மில்லிகிராம்தான் கிடைக்கும். 2 கிராம் என்பது அதைப்போல் பல மடங்கு. மேலை நாடுகளில் ஸ்டெரால் கலந்த மார்கரினும் தயிரும் விற்கிறார்கள். ஃபின்லாந்தில் 1995-லேயே அதன் நெருங்கிய உறவான ஸ்டானால் கலந்த மார்கரின் கடைக்கு வந்துவிட்டது. நம் மளிகைக் கடைகளில் அது புழக்கத்தில் இல்லை. மாத்திரை வடிவில் கிடைப்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெராலே இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம் 170 கணக்கில் அந்த 9 சதவீதத்தை நீக்கிப் பாருங்கள். மற்றவற்றை முழு அளவில் சாப்பிட்டால் 131-இல் நிற்கும். 23 சதவீதக் குறைவு. ஒரு காலை இழந்த பின்பும் நாற்காலி நிற்கிறது, கொஞ்சம் உயரம் குறைந்து.

பலித்ததா என்று எப்படித் தெரியும்

இந்த உணவின் பலனை அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. டொராண்டோ ஆய்வில் இரண்டாவது வாரத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிட்டது. தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒரே ஆய்வகத்தில், இடையில் காய்ச்சல் இல்லாத நேரத்தில், மருந்து எதையும் மாற்றாமல்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். உணவு மாறாமலே ஒருவரின் எல்டிஎல் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இடையே சில சதவீதம் ஆடும். 170 அடுத்த முறை 162 என்று வந்தால் அது உணவின் வேலை என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது. 145 என்று வந்தால் நம்பலாம். இன்னொன்று, பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்டவர்கள் நேரடி அளவீடு கேட்டு வாங்க வேண்டும்.

சிலர் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும். இசப்கோலை நிறையத் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்கினால் அவை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சோயாவும் அதே தொல்லை தரும். ஆகவே மாத்திரைக்கும் இவற்றுக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தத் தூணே கிடையாது. சிட்டோஸ்டெராலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களின் உடம்பு தாவர ஸ்டெராலை வெளியே தள்ளாது. அவர்களுக்கு ஸ்டெரால் சேர்த்த உணவு ஆபத்து. திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும். வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுவதே வழி.

‘மாத்திரைக்குச் சமம்’ என்ற வரிக்கும் ஓர் அடிக்குறிப்பு தேவை. 2003-இல் ஒப்பிட்டது லோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராமோடு. ஸ்டாட்டின்களில் முதலாவதாகச் சந்தைக்கு வந்த அதன் சிறிய அளவு அது. இன்று மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கும் வலிய ஸ்டாட்டின்கள் எல்டிஎல்லைப் பாதியாகக் குறைக்கும். அந்த உயரத்தை எந்தச் சாப்பாடும் எட்டவில்லை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பரம்பரையாகவே எல்டிஎல் மிக அதிகமாக உள்ளவர் ஆகியோர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அது தவறான கணக்கு. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக இறங்குவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். மாத்திரையோடு இந்த உணவையும் சேர்த்தால் பாதியளவு சாப்பிட்டாலே அதைத் தாண்ட வாய்ப்புண்டு. இது அவர்களுக்கான லாபம்.

எல்டிஎல் இறங்குவது சரி, மாரடைப்பு குறைகிறதா? ஒரு குழுவுக்கு இந்த உணவைக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் மாரடைப்பை எண்ணிய முடிவுகளை வைத்து அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறை ஊழியர்களின் உணவுப் பழக்கத்தைச் சுமார் 30 ஆண்டுகள் கவனித்து 2023-இல் வெளியிட்டார்கள். இந்த உணவுக்கு மிக நெருங்கிச் சாப்பிட்டவர்களுக்கு, மிக விலகிச் சாப்பிட்டவர்களைவிட இதய நோயும் பக்கவாதமும் 14 சதவீதம் குறைவாக வந்திருந்தன. இப்படிச் சாப்பிடுபவர்கள் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் உணவுக்கே கொடுக்க முடியாது. திசை மட்டும் ஒத்துப்போகிறது.

எல்டிஎல் எல்லை தாண்டியிருக்கிறது, மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் இந்த உணவு மிகவும் பொருந்தும். அவர் மருத்துவரிடம் ஆறு வார அவகாசம் கேட்கலாம். ஒரு கைப்பிடிக் கொட்டையும் இரண்டு வேளை இசப்கோலும் முதல் வாரத்திலிருந்து. ஓட்ஸும் மீல் மேக்கரும் அடுத்து. ஆறாவது வாரக் கடைசியில் வரும் பரிசோதனைத் தாளில் 29 இருக்காது. 13 இருக்கலாம். விடாமல் சாப்பிட்டிருந்தால் 20 கூட இருக்கலாம்.